தறிச்சத்தத்தில் போன காது: குரல் தெரிகிறது, சொல் மட்டும் ஏன் புரிவதில்லை?

கேள்வி: எங்கப்பா பள்ளிபாளையத்துல முப்பது வருசத்துக்குப் பக்கமா விசைத்தறி ஓட்டறாருங்க. யார் பேசறாங்கன்னு குரலை வச்சே சொல்லிடறாரு, என்ன பேசறாங்கன்னுதான் புரியமாட்டேங்குது. சத்தமாச் சொன்னா "ஏன் இப்படிக் கத்தற, காதைக் கிழிக்குது"ங்கறாரு. டெஸ்ட் எடுத்ததுல ரெண்டு காதுலயும் 4000-ல 65 டெசிபல், பெரிய பள்ளம்னாங்க. காது சுருதியையும் சத்தத்தோட அளவையும் எப்படிப் பிரிச்சு மூளைக்கு அனுப்புது? இதுல எந்த இடம் கெட்டிருக்குதுங்க?

குரல் தெரிவது, சொல் புரியாதது, சத்தமாகச் சொன்னால் எரிச்சல் வருவது, இந்த மூன்றுக்கும் காரணம் ஒரே இடம்தான். உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கிறதே காக்ளியா, அதன் வாசலிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் உள்ளே போனால் வரும் ஒரு சின்னப் பகுதி. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கமிருந்து வருகிறவர்களுக்குக் காது பரிசோதனை செய்வது என் வேலை. தறிக்காரர்களின் ஆடியோகிராமில், அதாவது காது டெஸ்ட் வரைபடத்தில், இந்தப் பள்ளம் அப்படியே அச்சு அடித்த மாதிரி வரும். அந்த 12 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொன்னாலே உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

காற்றில் வரும் அதிர்வு செவிப்பறையைத் தட்டி, நடுக்காதின் மூன்று குட்டி எலும்புகள் வழியாகக் காக்ளியாவின் வாசலில் உள்ள நீள்வட்டச் சாளரத்தை அழுத்துகிறது. உள்ளே திரவம். காக்ளியா இரண்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுருண்டிருக்கும், பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் இருக்கும். அந்த நீளம் முழுக்க பேசிலார் சவ்வு என்று ஒரு பட்டை ஓடுகிறது. இது வாசல் பக்கம் குறுகலாகவும் விறைப்பாகவும் இருக்கும், உள்ளே போகப் போக அகலமாகி நன்றாகத் தளர்ந்துவிடும். காக்ளியாவின் குழாய் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும், சவ்வு மட்டும் அதற்கு நேரெதிராக அகன்றுகொண்டே போகும்.

சாளரம் அசைந்ததும் சவ்வின் மேல் ஒரு அலை கிளம்புகிறது. எந்த ஒலியாக இருந்தாலும் வாசலிலிருந்து உள்நோக்கித்தான் போகும். போகும்போதே வேகம் குறைந்து, உயரம் கூடி, ஒரு இடத்தில் உச்சத்தைத் தொட்டு, அதைத் தாண்டியதும் சட்டென்று அடங்கிவிடும். அந்த உச்சம் எங்கே என்பதைத் தீர்மானிப்பது ஒலியின் அதிர்வெண். 8000 ஹெர்ட்ஸ் ஒலி வாசலிலிருந்து 7 மில்லிமீட்டரிலேயே உச்சம் கண்டுவிடும். 4000 சுமார் 12 மில்லிமீட்டரில், 2000 பதினாறரையில், 1000 ஹெர்ட்ஸ் 21-ல், 500 என்றால் 25-ல். அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தடவையும், அதாவது பாட்டில் மேல் ஸட்ஜமத்திலிருந்து கீழ் ஸட்ஜமத்துக்கு இறங்கும் ஒவ்வொரு தடவையும், உச்சம் நாலிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உள்ளே நகர்கிறது. எந்த இடம் அதிகமாக ஆடியதோ அந்த இடத்தின் நரம்பு பேசும், எந்த நரம்பு பேசியது என்பதை வைத்தே மூளை இது என்ன சுருதி என்று அறிந்துகொள்ளும். சுருதிக்கான முதல் குறியீடு இந்த இடக் குறியீடு.

இந்த அலையைக் கண்ணால் பார்த்துச் சொன்னவர் ஹங்கேரியில் பிறந்த கேயார்க் வான் பேக்கேஷி, அதற்காக 1961-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அவர் பார்த்தது இறந்தவர்களின் காக்ளியாவை, அதுவும் மிகப் பலத்த ஒலி கொடுத்து. அதில் உச்சம் மொண்ணையாக, பரந்து தெரிந்தது. நம் காது அப்படி இல்லை. 1000 ஹெர்ட்ஸுக்கும் 1003-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பயிற்சி பெற்ற காது கண்டுபிடித்துவிடும், அவ்வளவு மொண்ணையான அலையை வைத்துக்கொண்டு இது எப்படி முடியும் என்று பல வருடங்கள் யாருக்கும் விளங்கவில்லை. 1971-ல் வில்லியம் ரோட் உயிருள்ள குரங்கின் காக்ளியாவை அளந்தபோதுதான், உயிர் இருக்கும்வரை மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் சவ்வு ஒரே விகிதத்தில் ஆடுவதில்லை என்பதும், உயிர் போனதும் அந்தத் தன்மை மறைந்துவிடுகிறது என்பதும் தெரிய வந்தது. உயிருள்ள காதுக்குள் ஏதோ ஒன்று தன் சொந்தச் சக்தியைச் செலவழித்து அலையைத் தூக்கிக் கொடுக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஏதோ ஒன்றுதான் உங்கள் அப்பாவுக்குப் போயிருப்பது.

பேசிலார் சவ்வின் மேல் மயிர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசை ஒன்று, அதில் சுமார் 3,500 செல்கள். வெளிவரிசை மூன்று, அவற்றில் 12,000 போல. ஒரு காதுக்கு மொத்தம் அவ்வளவுதான், கோடிக்கணக்கில் எல்லாம் கிடையாது. ஒவ்வொரு செல்லின் தலையிலும் படிப்படியாக உயரம் கூடும் நுண்மயிர்கள் உண்டு. ஒரு மயிரின் நுனியையும் பக்கத்து உயரமான மயிரையும் நூலிழை மாதிரி ஒரு புரதம் இணைக்கிறது. சவ்வு ஆடும்போது மயிர்க்கற்றை உயரமான பக்கம் சாயும், இழை இழுபடும், இழையின் அடியிலிருக்கும் வாய்க்கால் திறக்கும். மேலே இருக்கும் திரவத்தில் பொட்டாசியம் நிறைய, அதன் மின்னழுத்தம் பிளஸ் 80 மில்லிவோல்ட். செல்லுக்குள்ளே மைனஸ் 50 போல. இந்த 130 மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் தயாராகக் காத்திருப்பதால், வாய்க்கால் திறந்த கணமே பொட்டாசியம் உள்ளே பாயும். நம்மால் கேட்க முடிகிற மிக மெல்லிய ஒலிக்கு அந்த மயிர்க்கற்றை அசைவது ஒரு நானோமீட்டர் அளவுக்குத்தான், அதற்கே செல் பதில் சொல்லிவிடுகிறது.

இதுவரை இரண்டு வகைச் செல்லுக்கும் பொது. அதற்கு அப்புறம் பாதை பிரிகிறது. உள்வரிசைச் செல்லின் வேலை தகவல் சொல்வது. மின்னழுத்தம் மாறியதும் அடியில் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை விடும், செவி நரம்பு இழை அதை வாங்கித் துடிப்புகளாக மாற்றி மேலே அனுப்பும். ஒரு காதிலிருந்து போகும் ஏறத்தாழ 30,000 இழைகளில் நூற்றுக்கு 95 இந்த உள்வரிசையிலிருந்து கிளம்புவதுதான். வெளிவரிசைச் செல்கள் மூளைக்குப் பெரிதாக எதுவும் சொல்வதில்லை, ஆனால் அவை ஆடுகின்றன. மின்னழுத்தம் மாறும்போது செல்லே நீளம் குறுகி, திரும்ப நீள்கிறது. அதைச் செய்யும் பிரெஸ்டின் என்ற புரதத்தை 2000-ல் கண்டுபிடித்தார்கள். ஒலியின் தாளத்திலேயே இந்தச் செல்கள் சவ்வை இழுத்துத் தள்ளுவதால், அலை தன் உச்சத்துக்குச் சற்று முன்னால் வளர்ந்து கூர்மையாகிறது. மெல்லிய ஒலிக்கு இந்த உதவி 40 முதல் 60 டெசிபல் வரை போகும். ஒலி பலக்கப் பலக்க உதவி குறைந்துகொண்டே வந்து, மிகப் பலத்த ஒலியில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள், அப்பாவின் எரிச்சல் அங்கிருந்துதான் வருகிறது.

சரி, ஏன் குறிப்பாக 4000? நாடா தறியில் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்து அனுப்புகிற சத்தம் ஒரு நிமிடத்தில் நூறு தடவைக்கு மேல் விழுகிறது, ஒரு குடோனில் பத்து இருபது தறி ஓடினால் 90 டெசிபலைத் தாண்டிவிடும், பல இடங்களில் நூறை ஒட்டி நிற்கும். அந்தச் சத்தத்தில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கிறது. ஆனால் நம் வெளிக்காதின் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை மூடிய குழாய். அந்த நீளமுள்ள குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியைத் தானே 10, 15 டெசிபல் தூக்கிவிடும். அதோடு, மிகப் பலத்த ஒலியில் சவ்வின் உச்சம் தன் வழக்கமான இடத்தில் நிற்காமல் கொஞ்சம் வாசல் பக்கமாக நகரும். இரண்டையும் சேர்த்தால் அடி முழுக்க விழுவது 4000-க்கு உரிய இடத்தில். சத்தத்தால் வந்த பாதிப்பா, வயதால் வந்ததா என்பதையும் இதை வைத்தே பார்க்கிறோம். வயதால் வருவது 8000-ஐ நோக்கிச் சரிவாக இறங்கிக்கொண்டே போகும். சத்தத்தால் வருவது 4000-ல் பள்ளம் விழுந்து 8000-ல் கொஞ்சம் மேலே ஏறும். உங்கள் ரிப்போர்ட்டில் 8000-க்கு நேரே என்ன எண் என்று ஒரு தடவை பாருங்கள். வயது கூடக் கூட அந்த ஏற்றமும் மூழ்கிவிடும் என்பதால், ஏற்றம் தெரியவில்லை என்பதற்காகத் தறியால் வரவில்லை என்று சொல்லிவிட முடியாது.

எவ்வளவு நேரம் எவ்வளவு சத்தம் தாங்கும் என்பதற்கு அமெரிக்காவின் தொழில் நலவாழ்வு நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு, 85 டெசிபலில் 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான் வருகிறது. நம் ஊரில் ஒரு ஷிப்ட் 12 மணி நேரம்.

இப்போது குரல் எப்படித் தெரிகிறது என்பதற்கு வருகிறேன். இடக் குறியீடு மட்டும்தான் சுருதியைச் சொல்லும் என்றால் இந்தக் கேள்விக்குப் பதில் பாதிதான் கிடைக்கும். இன்னொரு குறியீடு இருக்கிறது, அது நேரக் குறியீடு. மயிர்க்கற்றை ஒரு பக்கம் சாயும்போது மட்டும்தான் வாய்க்கால் திறக்கும், மறுபக்கம் சாய்ந்தால் மூடும். அதனால் நரம்பின் துடிப்பு, அலையின் ஒரே கட்டத்தில்தான் விழும். 200 ஹெர்ட்ஸ் ஒலி என்றால் ஐந்து மில்லிநொடிக்கு ஒரு வாய்ப்பு. ஒரு நரம்பிழையால் நொடிக்குச் சில நூறு தடவைதான் துடிக்க முடியும், அப்படியானால் 2000 ஹெர்ட்ஸை அது எப்படிச் சொல்லும்? உரலைச் சுற்றி மூன்று பேர் நின்றுகொண்டு உலக்கை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் இல்லையா, ஒருவர் மூன்று அடிக்கு ஒரு தடவைதான் போடுகிறார், வெளியிலிருந்து கேட்பவருக்கு விடாத வேகமான தாளம் கேட்கிறது. நரம்பிழைகளும் அப்படித்தான் முறை வைத்துத் துடிக்கின்றன, கூட்டிப் பார்த்தால் அலையின் முழுத் தாளமும் அதில் இருக்கும். இந்தத் துல்லியம் நாலாயிரம் ஐயாயிரம் ஹெர்ட்ஸ் வரை ஓடி அதற்கு மேல் குலைந்துவிடுகிறது, அங்கே இடக் குறியீட்டைத்தான் நம்பியாக வேண்டும்.

ஒரு ஆணின் குரல்நாண் நொடிக்கு 120 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குரலில் 120, 240, 360, 480 என்று அதன் மடங்குகள் எல்லாம் இருக்கும். பழைய தொலைபேசி லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் கடத்தாது, அதனால் 120-உம் 240-உம் வந்து சேரவே சேராது. இருந்தாலும் போனில் பேசுவது ஆண் என்று நமக்குத் தெரிகிறது, கட்டைக் குரலாகவே கேட்கிறது. மீதியிருக்கும் 360, 480, 600 எல்லாம் சேர்ந்து எட்டு மில்லிநொடிக்குக் கொஞ்சம் மேலான இடைவெளியில் ஒரே ஒழுங்கில் திரும்பத் திரும்ப வருகின்றன. 120-க்கு உரிய இடம் சவ்வில் ஆடாவிட்டாலும், அந்த இடைவெளியிலிருந்து மூளை 120-ஐ வருவித்துக்கொள்கிறது. அப்பாவுக்கு 1000-க்குக் கீழே எல்லாம் நன்றாக இருக்கும்பட்சத்தில், குரலை அடையாளம் காட்டும் இந்தத் தகவல் முழுக்க அவருக்கு வந்து சேர்கிறது. அதனால்தான் பேசுவது மகனா மச்சானா என்று அவரால் சொல்ல முடிகிறது.

சொல்லைப் பிரிப்பது வேறு. "காசு, காது, காடு" என்று மூன்று சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் "கா"வும் கடைசி உகரமும் ஒன்றுதான், அவற்றின் பலம் முழுக்கக் கீழ் அதிர்வெண்களில். வித்தியாசம் நடுவில். "சு"வின் சீறல் பெரும்பாலும் 4000-க்கு மேலே. "து"வையும் "டு"வையும் பிரிப்பது, நாக்கு நகரும்போது 1500-க்கும் 3000-க்கும் இடையே சில பத்து மில்லிநொடிக்குள் நடக்கும் சின்ன வளைவு. அப்பாவுக்குக் "கா...உ" முழுச் சத்தத்தோடு கேட்கிறது, நடுவில் மட்டும் ஓட்டை. அந்த ஓட்டையை அவர் பேச்சின் சூழலை வைத்து நிரப்பிக்கொள்கிறார். சந்தைக்குப் போகிற பேச்சாக இருந்தால் "காசு" என்று எடுத்துக்கொள்வார், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். திடீரென்று பேச்சு மாறும்போதுதான் தடுமாறுவார். வீட்டில் "சிலநேரம் நல்லாக் கேக்குது, வேணும்னே கேக்காத மாதிரி இருக்கறார்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள், அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது சத்தத்தின் அளவு. ஒலி பலத்தால் நரம்பிழை வேகமாகத் துடிக்கும், அடிப்படை அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால் ஒரு இழை தன் தொடக்கத்திலிருந்து 30 டெசிபல் போல ஏறியதும் உச்ச வேகத்தைத் தொட்டுவிடும், அதற்கு மேல் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் அதன் துடிப்பு கூடாது. நம் காது கையாள்வதோ 120 டெசிபல் வீச்சு. இதைச் சமாளிக்க முதலாவதாக, ஒரே உள்வரிசைச் செல்லிலிருந்தே வெவ்வேறு சுபாவமுள்ள இழைகள் கிளம்புகின்றன. பாதிக்கு மேற்பட்டவை மெல்லிய ஒலிக்கே துடித்துவிடும், மீதி ஒலி நன்றாகப் பலத்த பின்தான் வாய் திறக்கும். இரண்டாவது, ஒலி பலக்கும்போது சவ்வில் ஆடும் பரப்பு அகலமாகும், பக்கத்து இழைகளும் சேர்ந்துகொள்ளும். எத்தனை இழை, எவ்வளவு வேகம் என்ற மொத்தக் கணக்குதான் மூளைக்குச் சத்தத்தின் அளவு. மூன்றாவதுதான் முக்கியம். வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியை நிறைய உயர்த்தி, பலத்த ஒலியை அப்படியே விடுவதால், வெளியே 10 டெசிபல் ஏறினால் சவ்வின் ஆட்டம் இரண்டு மூன்று டெசிபல்தான் ஏறும். பெரிய வீச்சைச் சின்ன வீச்சாகச் சுருக்கி நரம்புக்குக் கொடுக்கும் வேலை இது.

அந்தச் செல்கள் போய்விட்டால் சுருக்கம் போய்விடும். எண்களோடு பார்ப்போம். நல்ல காதுக்கு 4000 ஹெர்ட்ஸில் 0 டெசிபலில் கேட்கத் தொடங்கி 100-ல் தாங்கமுடியாமல் போகிறது என்றால், நடுவில் 100 டெசிபல் இடம். அப்பாவுக்கு 65-ல்தான் தொடங்குகிறது. ஆனால் தாங்கமுடியாத எல்லை 165-க்கு நகர்ந்துவிடவில்லை, அது அதே நூறை ஒட்டியே நிற்கிறது, ஏனென்றால் பலத்த ஒலிக்கு வெளிவரிசைச் செல்களின் உதவி முதலிலும் இருந்ததில்லை. ஆக அவருக்கு மிச்சம் 35 டெசிபல். மெல்லப் பேசும்போது கேட்கவே இல்லை. நீங்கள் குரலை 20 டெசிபல் உயர்த்தினால் அவருடைய வீச்சில் பாதிக்கு மேல் ஒரே தாவலில் ஏறிவிடுகிறது. இரைச்சலாக, அடி மாதிரி விழுகிறது. அவர் "கிழிக்குது" என்று சொன்னது அப்படியே உண்மை. இதை நாங்கள் ரெக்ரூட்மென்ட் என்போம். 65 டெசிபல் என்பது வெளிவரிசை மட்டும் போனால் வரும் இழப்பைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், அந்த இடத்தில் உள்வரிசையிலும் சில செல்கள் போயிருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு விளைவும் உண்டு. வெளிவரிசை போனதும் அலையின் உச்சம் பேக்கேஷி இறந்த காதில் பார்த்த மாதிரி மொண்ணையாகிவிடும். 4000-க்கு உரிய நரம்பு கீழ் அதிர்வெண் ஒலிக்கும் எளிதாக ஆடத் தொடங்கும். கல்யாண மண்டபத்தின் இரைச்சல், பஸ் ஸ்டாண்டு இன்ஜின் சத்தம் எல்லாம் கீழ் அதிர்வெண்ணில்தான் அதிகம். அது மேலே பரவி, மிச்சமிருக்கும் மெய்யெழுத்துகளையும் மூடிவிடும். அமைதியான வீட்டில் ஓரளவு சமாளிப்பவர் மண்டபத்தில் ஒன்றுமே புரியாமல் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

நரம்பு கிளம்பிய பிறகு என்ன ஆகிறது என்று கேட்டிருந்தீர்கள். செவி நரம்பு மூளைத்தண்டில் நுழைந்து காக்ளியர் நியூக்ளியஸில் முடிகிறது. அங்கே ஒவ்வொரு இழையும் கிளை பிரிந்து பல வகைச் செல்களுக்கு ஒரே தகவலைக் கொடுக்கிறது. ஒரு வகை, நேரத்தைத் துளியும் பிசகாமல் மேலே கடத்தும். இன்னொரு வகை, ஒலி தொடங்கிய கணத்தை மட்டும் குறிக்கும். சவ்வில் இருந்த வரிசை, கீழ் அதிர்வெண் ஒரு பக்கம், மேல் அதிர்வெண் மறுபக்கம் என்பது, இங்கே தொடங்கி மூளையின் மேலடுக்கான புறணி வரைக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் காப்பாற்றப்படுகிறது.

அடுத்து சுப்பீரியர் ஆலிவ். இரண்டு காதின் தகவலும் முதல் தடவையாகப் பெரிய அளவில் சந்திப்பது இங்கே. இடப்பக்கமிருந்து வரும் ஒலி வலக்காதுக்கு அதிகபட்சம் 0.7 மில்லிநொடி தாமதமாகப் போய்ச் சேரும், தலை மறைப்பதால் கொஞ்சம் மெலிந்தும் போகும். கீழ் அதிர்வெண்ணுக்கு நேர வித்தியாசத்தையும், மேல் அதிர்வெண்ணுக்கு அளவு வித்தியாசத்தையும் வைத்து, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று இங்கே கணக்காகிறது. நேரக் குறியீட்டின் துல்லியம் இல்லையென்றால் இது நடக்காது. இங்கிருந்தே ஒரு நரம்புக்கற்றை திரும்பக் காக்ளியாவுக்கு இறங்கி வெளிவரிசைச் செல்களின் உதவியைக் குறைக்கவும் செய்கிறது. ஆக மூளை கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதில்லை, காதின் உணர்திறனை மாற்றவும் செய்கிறது.

அங்கிருந்து நடுமூளையின் இன்ஃபீரியர் காலிகுலஸ், பிறகு தலாமஸில் உள்ள மீடியல் ஜெனிகுலேட், கடைசியாக மூளையின் பக்கமடலில், மடிப்புக்குள் மறைந்திருக்கும் ஹெஷ்ல் மேடு. அதுதான் முதல்நிலைச் செவிப் புறணி. காதிலிருந்து நடுமூளை வரை போவதற்கு 6 மில்லிநொடிக்கும் குறைவு. பெரா டெஸ்ட் என்று தலையில் எலெக்ட்ரோடு ஒட்டிக் கிளிக் சத்தம் கொடுத்து எடுப்பது இந்தப் பயணத்தைத்தான். முதல் அலை செவி நரம்பிலிருந்து ஒன்றரை மில்லிநொடியில் வரும், ஐந்தாம் அலை நடுமூளைக்குப் பக்கத்திலிருந்து ஐந்தரையில் வரும். காதிலேயே பழுதா, நரம்பிலா என்று பிரிக்க அந்த இடைவெளி உதவும். வழியிலேயே பெரும்பகுதி இழைகள் எதிர்ப்பக்கம் கடந்து, இரண்டு பக்கப் புறணிக்கும் இரண்டு காதும் போய்ச் சேர்வதால், ஒரு பக்கப் புறணியில் ஸ்ட்ரோக் வந்தாலும் ஒரு காது செவிடாகிவிடாது. உங்கள் அப்பாவுக்கு ஒரு பக்கம் மட்டும் இழப்பு அதிகமாக இருந்திருந்தால் நரம்பைச் சந்தேகித்திருப்போம். இரண்டும் ஒரே அளவு என்பதால் அந்தக் கவலை குறைவு.

புறணியிலும் 4000-க்கு என்று ஒரு பட்டை உண்டு. காதிலிருந்து அந்தப் பட்டைக்கு வரத்து குறைந்தால் அது சும்மா இருப்பதில்லை. பக்கத்து அதிர்வெண்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கும், வழியிலுள்ள நிலையங்களும் வராத தகவலுக்காகத் தங்கள் பெருக்கத்தைக் கூட்டிவைக்கும். வெளியே ஒலியே இல்லாதபோது அது "ஙொய்ங்" என்ற காதிரைச்சலாகக் கேட்கலாம் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். ராத்திரி படுக்கும்போது அப்படிக் கேட்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். அவரும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கலாம், தறிக்காரர்கள் பலர் அதைத் தறியின் சத்தம் காதில் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துப் பேசாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி என்ன செய்யலாம்? பறவைகளுக்கு மயிர் செல் திரும்ப முளைக்கும், நமக்கு முளைக்காது, மருந்தும் இல்லை. நரம்புக்குச் சத்து மாத்திரை என்று யாராவது விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். காது மெஷின் உதவும், ஆனால் எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டுகிற மலிவான பெட்டி அவருக்கு வேதனைதான் கொடுக்கும். மெல்லியதை அதிகமாகவும் பலத்ததைக் குறைவாகவும் கூட்டுகிற, அதாவது போன செல்கள் செய்த சுருக்க வேலையைச் செய்கிற டிஜிட்டல் மெஷின் வேண்டும், அதுவும் அவருடைய ஆடியோகிராமுக்கு ஏற்ப அதிர்வெண் வாரியாக அமைத்தது. தாங்கமுடியாத எல்லையையும் அளந்து அதற்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். மெஷின் அலையின் மொண்ணைத்தனத்தைச் சரிசெய்யாது, அதனால் மண்டபத்தில் சிரமம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். புதிதாகத் திரும்பி வரும் மேல் ஒலிகள் முதல் சில வாரம் கரகரப்பாகக் கேட்கும், புறணி பழகிக்கொள்ள அந்த நேரம் வேண்டும், கழற்றி வைத்துவிட்டால் பழகாது. வீட்டில் கத்துவதை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்து, சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள். உதடு காட்டும் தகவல் அந்த ஓட்டையில் பாதியை நிரப்பும்.

அவர் இன்னும் தறிக்குப் போகிறார் என்றால் இரண்டு விஷயம். நுரை ஏர்பிளக்கை உருட்டி, காதுமடலை மேலே இழுத்து உள்ளே செருகி, விரிந்து அடைக்கும் வரை விரலால் பிடிக்க வேண்டும். காதுத் துவாரத்தின் வாசலில் சும்மா வைத்தால் ஒன்றும் தடுக்காது, பஞ்சும் அப்படித்தான். அப்புறம், அந்த டெஸ்ட் எப்போது எடுத்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஷிப்ட் முடித்த கையோடு எடுத்திருந்தால் அந்த 65-ல் கொஞ்சம் அன்றைய சத்தத்தால் வந்த தற்காலிக மங்கலாகவும் இருக்கலாம். குறைந்தது 14 மணி நேரம் தறிப்பக்கம் போகாமல் இருந்த பிறகு காலையில் ஒரு தடவை திரும்ப எடுங்கள், அதோடு ஓ.ஏ.இ. டெஸ்ட்டும் கேளுங்கள். வெளிவரிசைச் செல்கள் ஆடும்போது காதே வெளியே விடும் மெல்லிய ஒலியை மைக் வைத்துப் பிடிப்பது அது, 1978-ல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தது. அதில் 4000-ல் ஒன்றும் வராமல் 1000, 2000-ல் நன்றாக வந்தால் நான் மேலே சொன்னது உறுதி. 2000-லும் மங்கியிருந்தால், ஆடியோகிராம் இன்னும் காட்டாவிட்டாலும் சேதம் அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது, மெஷின் அமைக்கிறவரிடம் அதையும் காட்டுங்கள்.